விழுந்த இளங்காயில் யாருடைய பல்? தென்னையிலும் கொய்யாவிலும் கடித்தடம் படித்த பதிவு

தோப்பில் ஒரு வரிசைத் தென்னையில் மட்டும் இளங்காய்கள் தொடர்ந்து விழத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் காம்புக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை. அதே மரங்களின் அடியில், ஓட்டையே இல்லாமல் பழுப்புத் தழும்போடு சின்னக் குரும்பைகளும் கிடந்தன. வரிசையின் முனையில் நிற்கும் கொய்யாவிலும் பாதி தின்ற பழங்கள். பகலில் எல்லோர் கண்ணிலும் படுவது அணில்தான் என்பதால், மூன்றையும் அணில் கணக்கில் எழுதிவிட்டார்கள். வலை கட்டலாமா, மருந்து வைக்கலாமா, மரத்தில் தகடு சுற்றலாமா என்பதெல்லாம் தின்றது யார் என்பதைப் பொறுத்தது. ஆகவே விழுந்த காய்களைக் கொண்டே அதைக் கண்டுபிடிக்க இறங்கினேன். செய்த வேலையை வரிசையாக எழுதுகிறேன்.

கையில் வைத்துக்கொண்டவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், சிறிய டார்ச், கூர்மையான கத்தி, குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண், கொஞ்சம் முகப்பவுடர், ரப்பர் கையுறை. கையுறையை யாரும் விட்டுவிட வேண்டாம். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். பழந்தின்னி வௌவாலின் எச்சில் வழியாக நிபா வைரஸ் பரவ வாய்ப்புண்டு. கடிபட்ட பழத்தின் கடித்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைச் செய்யவே கூடாது. முழுப் பழத்தையும் குழியில் போட்டு மூட வேண்டும்.

முதல் பிரிப்பு: பொருள் குறைந்திருக்கிறதா?

பொறுக்கிய காய்களைக் கழுவாமல் நிழலில் பரப்பினேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்தக் காயிலிருந்து சதையோ நாரோ உண்மையிலேயே எடுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்து காயம் மட்டும் பட்டிருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். பல்லும் அலகும் பொருளை வெட்டி எடுக்கின்றன. சாறுறிஞ்சும் பூச்சிகளும் நுண்சிலந்திகளும் எதையும் வெட்டுவதில்லை. அவை பட்ட இடம் குழிந்து, கறுத்து, தழும்பேறி நிற்கும், ஆனால் மேல்தோல் அங்கேயே இருக்கும். துளைக்கும் புழுவும் வண்டும் பொருளை எடுத்தாலும் மென்ற சக்கையையும் கழிவையும் துளையிலேயோ துளைவாயிலேயோ விட்டுவைக்கும். எலியும் அணிலும் கடித்த துணுக்குகளைக் கீழே உதிர்த்துவிடும். அவை குடைந்த ஓட்டைக்குள் சக்கை அடைத்திருக்காது.

இப்படிப் பிரித்ததில் மூன்று குவியல் வந்தது. ஓட்டை போட்டு உள்ளே காலியான இளங்காய்கள் ஒன்று. தழும்பேறிய குரும்பைகள் இன்னொன்று. துளைக்குள் நார்ச்சக்கை அடைத்திருந்த மிகச் சில காய்கள் மூன்றாவது.

ஓட்டையின் விளிம்பு

முதல் குவியலில் ஓட்டைகள் எல்லாம் நாலைந்து சென்டிமீட்டர் அகலம், ஓரளவு வட்டம். அகலத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தப் பிராணியும் தலை நுழையும் வரை குடையும். அடுத்து வருவது இன்னும் பெரிதாக்கும். நான் பார்த்தது விளிம்பை.

டார்ச்சைக் காயின் மேற்பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள் நிழலோடு எழுந்து வரும். ஓட்டையின் சுவரில் மேலிருந்து உள்நோக்கிப் பக்கம்பக்கமாக ஓடும் இரட்டைக் கோடுகள் தெரிந்தன. இரண்டு பள்ளம், நடுவே மெல்லிய வரப்பு. கொறிக்கும் விலங்குக்கு முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள். ஒவ்வொரு ஜோடியும் நெருக்கமாக ஒட்டி நிற்கும். மேற்பற்களை ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு கீழ்ப்பற்களால் சீவும். அதனால் ஒரு பக்கம் நீண்ட கோடுகளும், எதிர்ப்பக்கம் ஊன்றிய குட்டைத் தடங்களும் இருக்கும். இரண்டும் ஒரே காயில் தெரிந்தால் அது கொறிவிலங்கு என்பதில் சந்தேகமே வேண்டாம்.

பறவை அலகு இப்படிக் கோடு போடாது. கொத்தும் பறவையின் காயம் நடுவில் ஆழமாக, ஓரத்தில் மேலாக, கூம்பு வடிவில் இருக்கும். கிளியின் அலகு கொறிப்பது போலத் தோன்றுவதுண்டு. ஆனால் அதன் கீழ் அலகு ஒரே உளி மாதிரி அகலமாகச் சீவும், நடு வரப்பு இருக்காது. வௌவாலுக்குக் கோரைப்பற்கள்தான் முதலில் பதியும். அவை ஒன்றுக்கொன்று விலகி நிற்பதால் இடைவெளி விட்ட இரண்டு குழிகள் கிடைக்கும். தென்னங்காயின் பச்சை மட்டையை உடைத்து உள்ளே போகும் வலு அதன் பல்லுக்கு இல்லை.

கோடுகள் தெளிவில்லாத காய்களுக்கு அச்சு எடுத்தேன். இளமட்டை ஈரமாக இருப்பதால் களிமண் வழுக்கும். காயை நிழலில் கொஞ்ச நேரம் உலரவிட்டு, ஓட்டைச் சுவரில் முகப்பவுடரை மெல்லிதாகத் தட்டி, உருட்டிய களிமண்ணைக் கட்டைவிரலால் ஒரே முறை அழுத்தி நேராக வெளியே எடுக்க வேண்டும். இரண்டாம் முறை அழுத்தினால் தடம் இரட்டித்துக் குழப்பும். அச்சில் பள்ளம் மேடாக வரும். அதில் அளவுகோல் வைத்துப் படிப்பது சுலபம். பல பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும் நடுப்பகுதியை விட்டுவிட்டு, விளிம்போரத்தில் தனியாக விழுந்த ஒரு கோட்டை மட்டும் அளக்க வேண்டும்.

என் அச்சுகளில் ஒரு பல்லின் கோடு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். சுண்டெலியின் கோடு ஒரு மில்லிமீட்டர் அளவிலோ அதற்கும் கீழோ இருக்கும், ஆகவே அது விலக்கப்பட்டது. ஆனால் இந்த அளவு எலியையும் அணிலையும் பிரித்துத் தராது. இரண்டின் பல்லகலமும் ஒன்றோடொன்று மோதும் எல்லைக்குள் இருக்கின்றன. நார் காயும்போது பள்ளமும் சுருங்கும். அகலத்தை மட்டும் வைத்து "இது அணில்" என்று சொல்லும் யாரையும் நான் நம்பமாட்டேன்.

ஏன் காம்படியில்?

எல்லா ஓட்டைகளும் காம்புப் பக்கத்தில், காயைத் தொப்பி போலக் கவ்வியிருக்கும் செதில்களுக்கு ஒட்டியே இருந்தன. தென்னங்காய் வளரும் இடம் அந்தச் செதில்களுக்கு அடியில்தான். அங்கேதான் திசு எப்போதும் இளசு. சிரட்டை கெட்டியாவதும் மூக்கு முனையில் தொடங்கி மெல்ல மெல்லக் காம்பை நோக்கி வருகிறது. ஆகவே மூன்று முதல் ஆறு மாத இளங்காயில் மிக மென்மையான வழி காம்படி. அதோடு, குலையின் தண்டில் உட்கார்ந்துகொண்டு தின்பதற்கும் அதுவே கைக்கெட்டும் இடம். எலிக்கு இந்த இரண்டும் பொருந்தும். பெரிய அணில் இனங்கள் முற்றிய காயையும் குடையக்கூடியவை. சிறிய அணில் பெரும்பாலும் பூவையும் சின்னக் குரும்பையையும் கொறிக்கும். குவியலில் முற்றிய காயே இல்லை என்பது எலியை நோக்கிக் கை காட்டியது. அது கை காட்டல் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

இதே காம்படி இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். தழும்புக் குரும்பைகளைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருகிறேன்.

இரவா, பகலா?

அணில் பகலில் உலவும், எலி இரவில். எனவே கடி எப்போது விழுந்தது என்று தெரிந்தால் வழக்கு முடியும். மாலையில் மரத்தடியைப் பெருக்கி, விடியலில் கிடப்பதை எண்ணினால் போதும் என்று தோன்றும். போதாது. கடிபட்ட காய் உடனே விழுவதில்லை. பெரும்பாலும் சில நாள் குலையில் தொங்கிய பிறகே விழுகிறது. இன்று காலை விழுந்தது என்பதற்கு நேற்றிரவு கடிபட்டது என்று அர்த்தமில்லை.

அதற்குப் பதிலாக நிறத்தைப் பார்த்தேன். இளமட்டையை வெட்டியதும் வெட்டு வெள்ளையாக இருக்கும். காற்றுப் பட்டு இளஞ்சிவப்பாகி, சில மணி நேரத்தில் பழுப்பாகும். இதன் வேகம் காயின் வயது, வெயில், ஈரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அதனால் எங்கோ எழுதிய கணக்கைப் பயன்படுத்தாமல், அதே மரத்தின் நல்ல இளங்காய் ஒன்றில் கத்தியால் சீவி, அதே குலையருகே நிழலில் தொங்கவிட்டு, மணிக்கொரு முறை படம் எடுத்து எனக்கென்று ஒரு நிறவரிசை செய்துகொண்டேன். பிறகு மரமேறும் அண்ணனிடம், "விழுந்ததை விடுங்கண்ணே, குலையிலேயே கடிபட்டுத் தொங்குற காய் இருந்தா விடியும்போதும் ஒருதரம், பொழுது சாயும்போதும் ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டேன். விடியற்காலையில் அவர் எடுத்து வந்த படங்களில் விளிம்பு இளஞ்சிவப்பு தாண்டிப் பழுப்பைத் தொட்டிருந்தது. சாயங்காலம் புதிதாக வெள்ளை விளிம்போடு எதுவுமே இல்லை. கடி விழுந்தது இரவில்.

ஒரு காய் மட்டும் பொருந்தவில்லை. அதன் ஓட்டையில் பெரும்பகுதி நன்றாகப் பழுப்பேறிய நிறம், ஒரு பக்கத்தில் மட்டும் பளிச்சென்று வெள்ளைச் சீவல். லென்ஸில் பார்த்தால் அந்த வெள்ளைக் கோடுகள் பழுப்பு விளிம்பை வெட்டிக்கொண்டு போயிருந்தன. அதாவது இரவில் ஒன்று திறந்தது, பகலில் இன்னொன்று வந்து அகலப்படுத்தியது. பகலில் ஓட்டைக்குள் தலைவிட்டு நீரும் வழுக்கையும் தின்னும் அணிலைப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை; அணில் வந்திருக்கிறது, ஆனால் கதவைத் திறந்தது அது இல்லை. காகமும் எறும்பும் குளவியும் இப்படியேதான் வரும். எந்தக் காயத்திலும் கடைசியாகத் தின்றவரைப் பிடிப்பது எளிது. முதல் வெட்டைத் தேட வேண்டும். பழைய நிறமும் புதிய நிறமும் சந்திக்கும் இடத்தில் எது எதை வெட்டுகிறது என்று பார்ப்பதே அதற்கு வழி.

உறுதிக்காக, அண்ணன் கொண்டையைச் சுத்தம் செய்யும்போது பன்னாடை இடுக்குகளைப் பார்த்து வரச் சொன்னேன். கிழித்த நாரால் கட்டிய கூடும், இரு முனையும் கூர்ந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளமான புழுக்கைகளும் கிடைத்தன. மரமேறும் கறுப்பெலியின் அடையாளம் அது. குலையைப் பார்க்கும்படி கட்டிய இரவுக் கேமராவில் அதே வரிசையில் மட்டையிலிருந்து மட்டைக்குத் தாவும் எலியும் பதிவானது. கேமரா இல்லாதவர்களுக்கு நிறமும் புழுக்கையும் சேர்ந்தாலே போதுமான சாட்சி என்பது என் கருத்து.

தழும்புக் குரும்பைகள்

இரண்டாம் குவியலில் பல் எதுவும் இல்லை. தொப்பிச் செதிலின் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும் முக்கோணப் பட்டை, முதலில் வெளிர்மஞ்சள், பிறகு பழுப்பு, பெரிய காயில் நீளவாக்கில் வெடித்த சொரசொரப்பான தழும்பு. சிலதில் பிசின் கசிந்து உறைந்திருந்தது. இது ஈரியோபைட் என்ற நுண்சிலந்தியின் வேலை. பூச்சி வகையில் இதைச் சேர்த்துப் பேசினாலும் இது பூச்சி அல்ல, சிலந்தியின் உறவு. கால் மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் புழுப் போல இருக்கும். செதிலை மெல்லக் கிளப்பி அடிப்பகுதியைப் பார்த்தால் வெளிறிய தூள் தூவியது போல் தெரியும். பத்து மடங்கு லென்ஸில் அசைவு பிடிபடுவது கடினம், இருபது மடங்குக்கு மேல் தேவை.

எலி தேடிப் போகும் அதே இளந்திசுதான் இதற்கும் உணவு. காம்படியில் செதிலுக்குள் ஒளிந்து சாறு உறிஞ்சுகிறது. காய் வளர வளர, காயம்பட்ட தோல் செதிலை விட்டு வெளியே தள்ளப்பட்டு நம் கண்ணுக்கு வருகிறது. முக்கோணத்தின் அகன்ற பக்கம் செதிலை ஒட்டி, முனை கீழ்நோக்கி இருப்பது அதனால்தான். எலிக்கடியும் இந்தத் தழும்பும் ஒரே இடத்தில் இருப்பதால் "பழைய கடி ஆறிப்போனது" என்று பலர் சொல்வார்கள். கத்தியால் குறுக்காக வெட்டினால் வேறுபாடு உடனே தெரியும்: தழும்பு தோலோடு நின்றுவிடும், கீழே நார் முழுதாக இருக்கும். ஆறிய கடியில் நாரே அறுந்து குழி விட்டிருக்கும், குழியின் சுவரில் அந்த இரட்டைக் கோடு மிச்சமிருக்கும்.

சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி குத்தினால் முக்கோணம் வராது. தனித்தனியாகக் குழிந்த புள்ளிகள், அவற்றில் பிசின், காய் கோணலாக வளர்தல் என்று வேறு முகம் காட்டும். என் குவியலில் அப்படி எதுவும் இல்லை.

மூன்றாம் குவியலில் துளைக்குள் மென்ற நார் திணிந்திருந்தது. விளிம்பில் கோடு இல்லை, நசுங்கிக் கிழிந்த நார் மட்டும். காண்டாமிருக வண்டு மென்மையான பகுதியைக் குடைந்து சாறு குடித்துவிட்டுச் சக்கையைத் தள்ளிவிடும். மரத்தைப் பார்த்தால் விரிந்த ஓலையில் விசிறி போல வெட்டு இருக்கும், அங்கே இருந்தது.

கொய்யாவில் வேறு கதை

கொய்யாவின் அடியில் முதலில் நான் தேடியது பழத்தை அல்ல, சக்கையை. பழந்தின்னி வௌவால் சதையை மென்று சாற்றை விழுங்கிவிட்டு நாரையும் விதையையும் தட்டையான உருண்டையாகத் துப்பும். அதை நாக்கால் அண்ணத்தோடு சேர்த்து அழுத்துவதால் உருண்டையின் ஒரு முகத்தில் அண்ணத்தின் வரிகள் பதிந்திருக்கும். அவை கொய்யாவுக்கு நேர் கீழே இல்லை. சற்றுத் தள்ளி, அடர்ந்த மரமொன்றின் கீழே குவியலாகக் கிடந்தன. வௌவால் பழத்தைப் பறித்துக்கொண்டு தனக்குப் பிடித்த கிளையில் போய்த் தொங்கித் தின்னும். கொய்யாவிலேயே தொங்கிய மிச்சங்களில் தோல் கிழிந்து தொங்கியது, சதை ஒழுங்கின்றி அள்ளப்பட்டிருந்தது, ஓரத்தில் இடைவெளி விட்ட இரு குழிகள். எல்லாமே நன்கு பழுத்தவை. காயாகக் கடித்து எறியப்பட்டவை தனியாகக் கிடந்தன, சதையை விட்டு விதைப் பகுதியைக் குறிவைத்தவை. அவற்றில் அலகின் ஒற்றைச் சீவல் தெரிந்தது. கிளி.

வெளியில் காயமே இல்லாமல் விழுந்த பழங்களும் இருந்தன. லென்ஸில் ஊசிமுனை அளவு புள்ளி, சுற்றிலும் நிறம் மாறிய மென்மை. புள்ளியின் வழியாக நெடுக்கில் வெட்டியபோது உள்ளே குழைந்த சதையில் வெள்ளைப் புழுக்கள். பழ ஈ முட்டையிட்ட இடம் அந்தப் புள்ளி. இங்கே நினைவில் வைக்க வேண்டியது காயத்தின் திசை: பல்லும் அலகும் வெளியே அகன்று உள்ளே குறுகும் காயம் தரும், புழு வெளியே சிறுத்து உள்ளே விரியும் காயம் தரும். எறும்பும் குளவியும் வந்து பெரிதாக்கிய பின்பு வெளித்தோற்றம் ஏமாற்றும், ஆனால் நெடுக்கு வெட்டில் உட்குடைவு மறையாது.

பிறகு செய்தது

மரத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் நாற்பது சென்டிமீட்டர் அகலத் தகடு சுற்றுவது எலிக்கு வழக்கமான தடை. ஆனால் அந்த வரிசையில் ஓலைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கேமராவில் எலி தரைக்கு இறங்கவே இல்லை. தொடர்ந்து தொடும் மரங்களுக்குத் தகடு பயன்படாது. அதனால் முதலில் காய்ந்த மட்டையையும் பன்னாடைக் கூட்டையும் அகற்றி, தனித்து நின்ற முனை மரங்களுக்கு மட்டும் தகடு போட்டோம். மற்றவற்றில் கொண்டையிலேயே பொறி கட்டினோம். எலி விஷத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, செத்த எலியைத் தின்னும் ஆந்தையையும் அது கொல்லும் என்பதால். கொய்யாவில் வௌவாலுக்கும் கிளிக்கும் பழ ஈக்கும் சேர்த்து, காய் இளசாக இருக்கும்போதே உறை கட்டத் தொடங்கினோம். ஈ முட்டையிட்ட பின்பு கட்டிய உறை புழுவை உள்ளே வைத்தே காக்கும்.

பலன் தெரிய விழும் காய்களின் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே கடிபட்டவை இன்னும் சில நாள் விழுந்துகொண்டே இருக்கும். குலையில் புதிய, பழுப்பேறாத விளிம்பு இருக்கிறதா என்று அண்ணன் பார்த்து வருகிறார். பொறி கட்டிய மரங்களில் அது நின்றுவிட்டது. வரிசையின் நடுவில், ஓலை அடர்த்தியாகப் பின்னிக்கொண்ட இடத்தில் இன்னும் ஒரு குலையில் தெரிகிறது. அடுத்த பொறி அங்கே கட்டப்போகிறோம். சிலந்தித் தழும்புக் குரும்பைகள் இதனால் குறையவில்லை. அவற்றுக்கான வேலை தனி.